ஒரு கணுக்கால் வீக்கம், இரண்டு வால்வுகள்: ருமாட்டிக் காய்ச்சல் நிகழ்வு ஆய்வு

வடசென்னையைச் சேர்ந்த 11 வயதுச் சிறுமி. எடை 29 கிலோ. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். ஒரே அறையில் ஐந்து பேர் படுத்துறங்கும் வீடு. எங்கள் குழந்தைகள் பிரிவுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தது ஐப்பசி மழை நேரத்தில். அந்தச் சமயத்தில் காய்ச்சலோடு மூட்டுவலி என்று வரும் எந்தக் குழந்தையையும் சென்னையில் முதலில் டெங்கு, அடுத்து சிக்குன்குனியா என்றுதான் பார்ப்போம். (அடையாளம் தெரியாமலிருக்க, நோய்க்குத் தொடர்பில்லாத சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதுநிலை மாணவர்கள் ருமாட்டிக் காய்ச்சலைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பது மூன்று கேள்விகள். எதை வைத்து நோயை உறுதி செய்வது, எந்த வால்வு எப்படிக் கெடும், பெனிசிலின் ஊசி எத்தனை வருடம். இந்தச் சிறுமியின் கேஸ் ஷீட்டில் மூன்றுக்கும் பதில் இருக்கிறது. பாடப்புத்தகத்து அட்டவணையை மனப்பாடம் செய்தவருக்கு அவளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்திருக்கும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

வலி மாத்திரை மறைத்தது

அம்மா சொன்ன கதை இது. இரண்டு வாரத்துக்கு முன்பு காய்ச்சல் வந்தது. மறுநாள் வலது முழங்கால் வீங்கிச் சூடாக இருந்தது, காலை ஊன்ற முடியவில்லை. தெருமுனை மருந்துக் கடையில் பாராசிட்டமாலும் இப்யூபுரூஃபனும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே நாளில் வீக்கம் வடிந்துவிட்டது, பள்ளிக்கும் போய்விட்டாள். மாத்திரையை நிறுத்தி நான்கு நாள் கழித்து மறுபடியும் காய்ச்சல். இந்த முறை இடது கணுக்கால்.

ஆக, நாங்கள் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு மூட்டுதான். இடது கணுக்கால் வீங்கியிருந்தது. தொட்டால் காலை இழுத்துக்கொண்டாள், போர்வை பட்டால்கூட முகம் சுளித்தாள். வீக்கத்தின் அளவுக்குப் பொருந்தாத அந்த வலி ருமாட்டிக் மூட்டுக்கே உரியது. காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸ்.

ருமாட்டிக் மூட்டுவலி இயல்பாக விட்டால் ஒரு பெரிய மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். முழங்கால், கணுக்கால், முழங்கை, மணிக்கட்டு என்று ஒன்று அடங்க ஒன்று கிளம்பும். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், நாப்ராக்சன் வகை மருந்துகளுக்கு அது இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். அந்த மாத்திரை முதல் மூட்டிலேயே உள்ளே போய்விட்டால் தாவல் அங்கேயே நின்றுவிடுகிறது. நம் ஊரில் குழந்தை டாக்டரிடம் வந்துசேரும்போது பெரும்பாலும் ஏதோ ஒரு வலி மாத்திரை போட்டுத்தான் வருகிறது. ‘பல மூட்டுகளில் தாவும் வீக்கம்’ என்ற வரிக்காகக் காத்திருந்தால் நோயைத் தவறவிடுவோம். அம்மா பார்த்த முழங்கால் வீக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்வதும், எந்த மாத்திரை, எத்தனை நாள், நிறுத்தியதும் என்ன ஆனது என்று விசாரிப்பதும் ரத்தப் பரிசோதனைக்குச் சமமான விஷயங்கள்.

தொண்டை வலியைப் பற்றிக் கேட்டால் முதலில் “அப்படி ஒண்ணும் இல்லை டாக்டர்” என்றார் அம்மா. பாட்டிதான் இடையில் புகுந்து, “ஆயுதபூஜை லீவுல எச்சில் முழுங்க முடியலேன்னு கஷாயம் வெச்சுக் குடுத்தேனே” என்றார். கணக்குப் பார்த்தால் முதல் காய்ச்சலுக்குச் சுமார் மூன்று வாரம் முன்பு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்றுக்கும் ருமாட்டிக் காய்ச்சலுக்கும் நடுவில் இருக்கும் வழக்கமான இடைவெளி அதுதான். தொண்டை வலி நினைவே இல்லாமல் வரும் குழந்தைகளும் நிறைய உண்டு. அதனால் ‘தொண்டை வலி இல்லை’ என்ற பதிலை வைத்து நோயைத் தள்ளிவிடக்கூடாது.

முதல் இரண்டு நாள் வேண்டுமென்றே நாப்ராக்சன் கொடுக்கவில்லை. பாராசிட்டமால் மட்டும் கொடுத்துக் கவனித்தோம். நோயை உறுதி செய்யாமல் மூட்டை அடக்கிவிட்டால் மறுபடியும் இருட்டில்தான் நிற்போம். டெங்கு இல்லை என்று தெரியாமல் ஆஸ்பிரின் வகையைத் தொடுவதும் ஆபத்து. டெங்கு, சிக்குன்குனியா பரிசோதனைகள் இரண்டுமே நெகட்டிவ். தட்டணுக்கள் 3.1 லட்சம். ரத்த அணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து லுகேமியா இல்லை என்று உறுதி செய்தோம். இரவில் எலும்பு வலியால் அழும் குழந்தையில் அதை மறக்கவே கூடாது. மூட்டில் சீழ் வைத்திருக்கிறதோ என்ற சந்தேகமும் இருந்தது. அல்ட்ராசவுண்டில் கொஞ்சம்தான் நீர் இருந்தது, ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை.

ஜோன்ஸ் அளவுகோலை அவளுக்குப் பொருத்தியபோது

ருமாட்டிக் காய்ச்சலை உறுதி செய்ய, அறிகுறிகளைப் பெரியவை, சிறியவை என்று பிரித்து டக்கெட் ஜோன்ஸ் 1944-இல் வகுத்த அளவுகோலை அதற்குப் பிறகு பலமுறை திருத்தியிருக்கிறார்கள். நமக்கு முக்கியமானது 2015 திருத்தம். அதில்தான் முதல்முறையாக, நோய் அரிதான ஊர்களுக்கு ஒரு அளவும் மற்ற ஊர்களுக்கு இன்னொரு அளவும் வைத்தார்கள். பள்ளி வயதுக் குழந்தைகளில் வருடத்துக்கு ஒரு லட்சம் பேரில் 2 பேருக்கு மேல் வராத இடம்தான் அரிதான இடம். அப்படிக் கணக்கெடுத்து நிரூபிக்காத எந்த ஊரையும் நோய் அதிகமுள்ள ஊராகவே கொள்ள வேண்டும். “அண்ணாநகர் குழந்தைக்கும் இதே அளவா சார்?” என்று ஒரு மாணவர் கேட்டார். ஆமாம் என்பதே என் பதில். பேட்டை பேட்டையாக நம்பகமான கணக்கு இல்லாதவரை, அதிகம் என்று கொள்வதுதான் குழந்தைக்குப் பாதுகாப்பு.

நோய் அதிகமுள்ள ஊருக்கான அளவில் ஒரே மூட்டில் வீக்கம் இருந்தாலும் அது பெரிய அறிகுறி. வீக்கமில்லாமல் பல மூட்டுகளில் வலி இருந்தால் அதுவும் பெரிய அறிகுறிதான், மற்றக் காரணங்களை விலக்கிய பிறகு. காய்ச்சல் 38 டிகிரி இருந்தால் போதும், ஈ.எஸ்.ஆர். 30 இருந்தால் போதும். முதல்முறை வரும் நோய்க்கு இரண்டு பெரிய அறிகுறிகள், அல்லது ஒரு பெரியதும் இரண்டு சிறியதும் வேண்டும். கூடவே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்கான சான்றும் வேண்டும்.

அவளுடைய ஈ.எஸ்.ஆர். 72. சி.ஆர்.பி. அறிக்கையில் 58 என்று இருந்தது. இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. அளவுகோல் கேட்பது டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராம். நம் லேப்கள் பல லிட்டர் கணக்கில் தருகின்றன, அதில் அது 30. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு லிட்டர் கணக்கில் 6 வந்த குழந்தைக்கும் ‘3-ஐத் தாண்டிவிட்டது’ என்று எழுதிய கேஸ் ஷீட்டுகளைப் பார்த்திருக்கிறேன். இவளுக்கு டெசிலிட்டருக்கு 5.8, உண்மையிலேயே அதிகம்.

ஏ.எஸ்.ஓ. 610, இரண்டு வாரம் கழித்து 780. ஒருமுறை எடுத்த எண்ணைவிட ஏறுமுகம்தான் பலமான சான்று. ஏனென்றால் நம் ஊர்க் குழந்தைகளில் சும்மா எடுத்துப் பார்த்தாலே பலருக்கு ஏ.எஸ்.ஓ. கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கால் வலிக்கிறது என்று வந்த குழந்தைக்கு ஏ.எஸ்.ஓ. மட்டும் எடுத்து, ‘பாசிட்டிவ்’ என்று சொல்லி, வருடக்கணக்கில் ஊசி போடச் சொல்லி அனுப்புவது இன்னும் நடக்கிறது. ஏ.எஸ்.ஓ. காட்டுவது தொண்டையில் அந்தக் கிருமி வந்துபோனதை மட்டும்தான். ருமாட்டிக் காய்ச்சல் இருக்கிறது என்று அது சொல்வதில்லை.

அப்புறம் இதயம். தூக்கத்திலும் நாடித்துடிப்பு 118. காய்ச்சல் இறங்கிய பிறகும் அது குறையவில்லை. ஸ்டெதஸ்கோப்பில் முரல் ஒலி எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை. வார்டு இரைச்சலில் என்றில்லை, அமைதியான அறையில் இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்துக் கேட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எக்கோவில்தான் தெரிந்தது. மைட்ரல் வால்வு வழியாக ரத்தம் பின்னோக்கிக் கசிந்தது. கசிவின் நீளம் 2.4 சென்டிமீட்டர், இரண்டு கோணங்களில் தெரிந்தது, வேகம் நொடிக்கு 4 மீட்டருக்கு மேல், இதயம் சுருங்கும் நேரம் முழுவதும் நீடித்தது. இந்த நான்கும் சேர்ந்திருந்தால்தான் அதை நோய்க் கசிவு என்று ஏற்க வேண்டும் (நீளத்துக்கு 2 சென்டிமீட்டர், வேகத்துக்கு 3 மீட்டர் எல்லை). ஆரோக்கியமான குழந்தைகளிலும் மைட்ரல் வால்வில் துளிக் கசிவு தெரிவதுண்டு. கலர் டாப்ளரில் ஒரு நீலக்கீற்றைப் பார்த்த உடனே முத்திரை குத்திவிடக்கூடாது.

காதுக்குக் கேட்காமல் எக்கோவில் மட்டும் தெரியும் இதய அழற்சியும் 2015 முதல் பெரிய அறிகுறி. ஆக இரண்டு பெரியவை, மூட்டும் இதயமும். காய்ச்சலும் ஈ.எஸ்.ஆரும் சிறியவை. ஈ.சி.ஜி.யில் பி.ஆர். இடைவெளி 0.20 நொடி, அவள் வயதுக்கு அது நீளம்தான். ஆனால் இதய அழற்சியைப் பெரிய அறிகுறியாகச் சேர்த்துவிட்டால் பி.ஆரைச் சிறியதாக மறுபடி எண்ணக்கூடாது. மூட்டுக்கும் அதே விதி. ஒரே நோயை இரண்டு முறை எண்ணும் தவறு தேர்விலும் வார்டிலும் ஒன்றுபோல நடக்கிறது.

1992 அளவுகோலை வைத்துப் பார்த்தால் இதே குழந்தைக்கு என்ன கிடைத்திருக்கும்? எக்கோவில் மட்டும் தெரிந்த கசிவு கணக்கில் வராது. நாங்கள் பார்த்த ஒற்றை மூட்டு கணக்கில் வராது. பெரிய அறிகுறி ஒன்றுகூட இல்லாமல் ‘வைரஸ் காய்ச்சல்’ என்று வீட்டுக்குப் போயிருப்பாள்.

நாப்ராக்சன் 250 மில்லிகிராம் காலையும் மாலையும் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தோம். இரண்டாம் நாள் கணுக்கால் வடிந்து, நடந்து கழிப்பறைக்குப் போனாள். ஸ்டீராய்டு தேவைப்படவில்லை. இந்த மருந்துகள் மூட்டையும் காய்ச்சலையும் அடக்கும், வால்வு கெடுவதைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. வால்வைக் காப்பாற்றும் ஒரே மருந்து அடுத்த தொண்டைத் தொற்றைத் தடுக்கும் பெனிசிலின்தான்.

எந்த வால்வு, எப்படி

“இதயத்துல ஓட்டையா டாக்டர்?” என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. சென்னையில் எக்கோ அறிக்கையைக் கையில் வாங்கும் எல்லாரும் கேட்பது அது. ஓட்டை இல்லை, சரியாகச் சாத்தாத கதவு என்று சொல்லிப் புரியவைத்தேன்.

இந்த நோய்க்கு வால்வுகளில் ஒரு வரிசை உண்டு. மைட்ரல் முதலில், கிட்டத்தட்ட எப்போதும். அடுத்து அயோர்ட்டா வால்வு, அதுவும் பெரும்பாலும் மைட்ரலோடு சேர்ந்துதான். ட்ரைகஸ்பிட் அரிது, பல்மனரி மிக அரிது. அயோர்ட்டா வால்வு மட்டும் தனியாகக் கெட்டிருந்தால் நான் முதலில் பிறவிக் கோளாறைத் தேடுவேன்.

புதிய நோயில் மைட்ரல் கசியும். வளையம் விரிகிறது, முன் இதழைப் பிடித்திருக்கும் நாண்கள் நீள்கின்றன, அதனால் முன் இதழின் நுனி மேல் அறைக்குள் சரிகிறது. கசிவு பின்பக்கமாகச் சாய்ந்து பாய்கிறது. இவளுடைய எக்கோவிலும் அதே சாய்வு, இதழ் நுனியில் லேசான தடிப்பு. இதழ் அசைவில் இறுக்கம் எதுவும் இல்லை, ஆகவே பழைய நோய்மேல் வந்த புதிய தாக்குதல் அல்ல, முதல் தாக்குதல்தான் என்று எழுதினோம். பழைய நோய் வேறு மாதிரி இருக்கும். இதழ்களின் ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும், நாண்கள் சுருங்கித் தடிக்கும், பின் இதழ் அசையாமல் நிற்கும், முன் இதழ் முழங்கைபோல வளைந்து திறக்கும். அதுதான் மைட்ரல் சுருக்கத்துக்குப் போகும் பாதை. மேலைநாட்டுப் பாடப்புத்தகங்களில் அதற்கு இருபது, முப்பது வருடம் என்று எழுதியிருக்கும். நம் நாட்டில் இருபது வயதுக்குள்ளேயே கடுமையான சுருக்கம் வருவதை சுஜாய் ராய் குழுவினர் 1963-லேயே பதிவு செய்தார்கள். திரும்பத் திரும்பத் தாக்குதல் வருவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம்மால் தடுக்க முடிந்த காரணமும் அதுதான்.

அன்றைய எக்கோவில் அயோர்ட்டா வால்வில் 0.7 சென்டிமீட்டர் கசிவும் தெரிந்தது. எல்லை 1 சென்டிமீட்டர். அதனால் நோயாக எண்ணவில்லை, ஆனால் அளவை எழுதிவைத்தோம். பின்னால் அது கைகொடுத்தது.

ஒன்பது வார இடைவெளி

27 கிலோவைத் தாண்டியவள் என்பதால் பென்சாத்தின் பெனிசிலின் 12 லட்சம் யூனிட், 21 நாளுக்கு ஒருமுறை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் நாடுகள் உண்டு. ஆனால் நான்காவது வாரத்தில் ரத்தத்தில் மருந்தின் அளவு பலருக்கும் போதாமல் இறங்கிவிடுகிறது. தொற்று சுற்றிக்கொண்டே இருக்கும் நெருக்கடியான வீட்டில் அந்த ஒரு வாரத்தை விட்டுவைக்க எனக்கு மனம் வராது.

ஒன்பது மாதம் தவறாமல் வந்தாள். அப்புறம் குடும்பம் புழல் பக்கம் வீடு மாறியது. அங்கே ஒரு கிளினிக்கில் சில தவணை போட்டார்கள். புதிதாக வந்த டாக்டர், “பெனிசிலின் ரியாக்‌ஷன் ஆனா யாரு பதில் சொல்றது, பெரிய ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கோங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். குழந்தை ஓடியாடிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். கூலி போய்விடும் என்று அப்பா தள்ளிப்போட்டார். இரண்டு தவணை முழுதாகத் தவறி, மூன்றாவது வரவேண்டிய வாரம், கடைசி ஊசியிலிருந்து ஒன்பதாவது வாரம், காய்ச்சல் வந்தது.

இந்த முறை 38.6 டிகிரி, வலது முழங்காலில் வலி மட்டும், வீக்கம் இல்லை. சி.ஆர்.பி. டெசிலிட்டருக்கு 7.2. பெரிய அறிகுறி எதுவுமே வெளியில் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ருமாட்டிக் காய்ச்சல் வந்தவருக்கு, புதிய தொற்றுக்குச் சான்று இருந்து மற்றக் காரணங்களை விலக்கிவிட்டால், மூன்று சிறிய அறிகுறிகளே போதும். இந்த விதி தெரியாதவர் இவளையும் வைரஸ் காய்ச்சல் என்றே அனுப்பியிருப்பார். எக்கோ எடுத்தோம். மைட்ரல் கசிவு 3.4 சென்டிமீட்டர், நடுத்தரம். அயோர்ட்டா கசிவு 1.4 சென்டிமீட்டர், இதயம் விரியும் நேரம் முழுவதும், இரண்டு கோணங்களிலும். பழைய 0.7 எழுதியிருந்ததால்தான் இது புதிய சேதம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. இப்போது முரல் ஒலி அக்குள் வரை கேட்டது. உட்காரவைத்து, முன்னால் சாயச்சொல்லி, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னால் இடப்பக்க மார்பெலும்பு ஓரத்தில் அயோர்ட்டாக் கசிவின் மெல்லிய ஒலியும் கேட்டது.

முதல் தாக்குதலில் இதயம் தப்பியவருக்கு அடுத்ததிலும் தப்ப வாய்ப்பு அதிகம். முதலிலேயே இதயம் பாதித்தவருக்கு ஒவ்வொரு மறுதாக்குதலும் அதே இடத்தில்தான் விழும். முதல் சில வருடங்களில் அந்த ஆபத்து மிக அதிகம். அந்தக் கிளினிக்கின் பயம் எனக்குப் புரியாததில்லை, ஆனால் அதன் விலையை இந்தக் குழந்தையின் இரண்டாவது வால்வு கொடுத்தது.

ரியாக்‌ஷன் பயத்தை நேராகவே பேசிவிட வேண்டும். பெனிசிலினால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை அரிது. ஊசி வலியிலும் பயத்திலும் தலைசுற்றி விழுவது அதைவிட அதிகம். அதனால் படுக்கவைத்துத்தான் போடுகிறோம், போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரவைக்கிறோம். அட்ரினலின் பக்கத்து ட்ரேயில் இருக்கும். இவள் எடைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு கரைசலில் 0.3 மில்லி, தொடைத் தசையில். இந்த ஏற்பாடு இருக்கும் எந்த இடத்திலும் ஊசி போடலாம். கவனம் தேவைப்படும் ஒரு கூட்டம் உண்டு. வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், இதயம் பலவீனமானவர்கள். அவர்களுக்கு அந்த மயக்கமே ஆபத்தாகலாம் என்பதால் மாத்திரை பெனிசிலினை யோசிக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஊசிதான் மேல், தினம் இரண்டு வேளை மாத்திரையை வருடக்கணக்கில் விடாமல் போடுகிறவர்கள் மிகச் சிலர்.

வலிதான் குழந்தைகள் வராமல் போவதற்கு அடுத்த காரணம். மருந்து பால்போலக் கெட்டியானது, துகள்கள் ஊசியை அடைக்கும். நன்றாகக் குலுக்கி, குளிர்ச்சி போன பிறகு, லிக்னோகெயின் கலந்து, இரண்டு மூன்று நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்தினால் வலி பாதியாகிறது. போடுமுன் அந்த இடத்தைக் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்திப் பிடிக்கிறோம். தசையில் மட்டுமே, ரத்தக்குழாயில் ஒருபோதும் போகக்கூடாது. வேகமாகக் குத்திவிட்டு எழுப்பி அனுப்பும் இடத்துக்கு எந்தக் குழந்தையும் விரும்பித் திரும்பி வராது.

தேதியை நினைவில் வைக்க ஒரு வசதி உண்டு. 21 நாள் என்பது சரியாக மூன்று வாரம், ஆகவே எப்போதும் ஒரே கிழமை. இவளுக்குச் சனிக்கிழமை என்று வைத்தோம். பள்ளி கெடாது, ஞாயிறு இடுப்பு வலி ஆறிவிடும். அம்மா தினசரிக் காலண்டரில் வருடம் முழுவதற்கும் வட்டம் போட்டுவிட்டார். ஊருக்குப் போவதானால் இரண்டு நாள் முன்பே போட்டுக்கொள்ளலாம். தவறிவிட்டால் அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் நினைவு வந்த அன்றே போட வேண்டும்.

எத்தனை வருடம் என்ற கணக்கு வால்வைப் பொறுத்தது. இதயம் பாதிக்காதவருக்கு 5 வருடம் அல்லது 21 வயது வரை, எது பிந்தியதோ அது. இதயம் பாதித்து, வால்வு முழுக்கச் சரியாகிவிட்டவருக்கு 10 வருடம் அல்லது 21 வயது வரை. வால்வில் சேதம் தங்கிவிட்டால் கடைசித் தாக்குதலிலிருந்து 10 வருடம் அல்லது 40 வயது வரை, சிலருக்கு ஆயுள் முழுக்க. வால்வு அறுவை செய்தாலும் ஊசி நிற்காது. முதல் எக்கோவின்போது இவள் இரண்டாவது கூட்டத்தில் சேர வாய்ப்பிருந்தது. இப்போது மூன்றாவது.

மறுதாக்குதலுக்குப் பிறகு ஒரு தவணைகூடத் தவறவில்லை. கடைசியாக எடுத்த எக்கோவில் மைட்ரல் கசிவு லேசானதற்கும் நடுத்தரத்துக்கும் இடையில், அயோர்ட்டாக் கசிவு கூடவில்லை, இடது கீழறை விரியவில்லை, இதழ் ஓரங்கள் ஒட்டத் தொடங்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ தொடர்கிறது. விளையாட்டுக்குத் தடை சொல்லவில்லை.

போன முறை அம்மா தயங்கித் தயங்கி, “கல்யாணம், குழந்தைன்னு வந்தா இந்த ஊசியை நிறுத்தணுமா டாக்டர்?” என்று கேட்டார். நிறுத்தக்கூடாது. பெனிசிலின் கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் போடத்தக்க மருந்து. கருத்தரிக்குமுன் ஒருமுறை எக்கோ எடுத்து, வால்வு சுருங்கத் தொடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறாவது மாதம் மூச்சுவாங்கி வந்த பிறகுதான் மைட்ரல் சுருக்கமே தெரியவரும் பெண்களை நாங்கள் இன்னும் பார்க்கிறோம். இவளுடைய அட்டையில் அந்த வரியையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.